இறக்கை முந்த, உடல் பின்தொடர

மாலையில் வயல்களைக் கடந்து மரத்துக்குத் திரும்பும் சாம்பல் நாரையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால், அதன் உடல் நேர்கோட்டில் போவதில்லை என்பது தெரியும். ஒவ்வொரு இறக்கையடிப்புக்கும் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கிக்கொண்டே போகும். புறாவும் அப்படித்தான் போகிறது. ஆனால் அதன் அடிப்பு வேகமானது, ஏற்ற இறக்கமும் சிறியது, அதனால் கண் அதைத் தவறவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி. பறவையின் உடல் மிக உயரத்தில் இருக்கும் கணத்தில் அதன் இறக்கை எங்கே இருக்கும்?

யாரைக் கேட்டாலும் "இறக்கை கீழே அடித்து முடித்த கணத்தில் உடல் உச்சியில் இருக்கும்" என்றுதான் சொல்வார்கள். இறக்கை கீழே போனால் உடல் மேலே போகும், இறக்கை மேலே போனால் உடல் கீழே இறங்கும் என்பது மனதுக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் மெதுவாக்கிய காணொளியைப் படம் படமாக நிறுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இறக்கை கீழே அடிக்கத் தொடங்கிய பிறகும் உடல் சற்று நேரம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதுபோலவே, அடித்து முடித்த இறக்கை மேலே ஏறத் தொடங்கிவிட்ட பிறகும் உடல் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. இறக்கை முந்திப் போக, உடல் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வருகிறது. இதை 'உடல் பின்னடைவு' என்று சொல்லலாம். இந்தப் பின்னடைவு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால், பறவை வளைந்து திரும்பும்போது ஏன் சாய்கிறது என்பதும் அதே கணக்கில் புரிந்துவிடும். மாடப்புறாவையே எடுத்துக்கொள்வோம். பறத்தல் ஆய்வில் அதிகம் அளந்து பார்க்கப்பட்ட பறவைகளில் அது ஒன்று.

ஓர் இறக்கையடிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. இறக்கையை நன்றாக விரித்து, கீழும் முன்னுமாக வீசுவது கீழடிப்பு. மணிக்கட்டையும் முழங்கையையும் மடக்கி, இறக்கையைச் சுருக்கி மேலே கொண்டுவருவது மேலெழுப்பு. கீழடிப்பைச் செய்வது பெரிய நெஞ்சுத் தசை. மேலெழுப்பைச் செய்யும் தசை முதுகில் இருக்கும் என்று நினைப்போம். அதுவும் நெஞ்சில்தான் இருக்கிறது. கோழியின் நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து பிரித்தவர்கள் பார்த்திருப்பார்கள்: பெரிய துண்டுக்கு அடியில், எலும்பை ஒட்டி, தனியாகக் கழன்று வரும் நீளமான சிறு துண்டு ஒன்று இருக்கும். அதன் ஒரு முனையில் வெள்ளை நரம்பு போல ஒன்று ஓடும். அது தசைநாண். தோளில் எலும்புகள் சேர்ந்து அமைத்த ஒரு துளை வழியாக அது மேலேறி வளைந்து, இறக்கை எலும்பின் மேற்பக்கத்தில் போய்ப் பிடித்திருக்கிறது. அதனால் கீழே இருந்து இழுத்தாலும் இறக்கை மேலே எழுகிறது. கனமான தசைகள் இரண்டும் உடலின் அடியிலேயே இருந்துவிடுகின்றன. பெரியதுக்கும் சிறியதுக்கும் இருக்கும் அளவு வித்தியாசமே எந்த அடிப்புக்கு அதிக வேலை என்பதைச் சொல்லிவிடும்.

இறக்கை மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நடுவில்தான் அதன் வேகம் அதிகம். காற்றில் வீசப்படும் இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தோடு சேர்ந்து கூடுகிறது. அதுவும் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே தூக்குவிசை உச்சம் தொடுவது கீழடிப்பின் நடுப்பகுதியில். அடிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் அது குறைவு. மேலெழுப்பில் இறக்கை மடங்கியிருப்பதால் பெரும்பாலான பறவைகளுக்கு அது மிகக் குறைவு. புவியீர்ப்போ ஒரு கணமும் ஓயாமல் ஒரே அளவில் கீழே இழுக்கிறது.

இனி உடலின் பக்கம் நின்று பார்ப்போம். மேலெழுப்பின்போது தாங்க ஒன்றுமில்லாமல் உடல் விழத் தொடங்குகிறது. விழும் வேகம் கூடிக்கொண்டே போகிறது. இறக்கை உச்சியில் இருந்து மீண்டும் கீழே வரத் தொடங்கும்போது உடல் ஏற்கெனவே கீழ்நோக்கிய வேகத்தில் இருக்கிறது. புதிதாகப் பிறக்கும் தூக்குவிசை முதலில் அந்த வீழ்ச்சியை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகுதான் உடலை மேலே தள்ள முடியும். எனவே உடலின் தாழ்ந்த புள்ளி கீழடிப்புக்குள்ளேயே வருகிறது. அதே காரணத்தால், கீழடிப்பு முடிந்து விசை ஓய்ந்த பிறகும், பெற்ற வேகத்தில் உடல் மேலே போய்க்கொண்டே இருந்து, மேலெழுப்பின் நடுவில் எங்கோ உச்சம் தொடுகிறது. விசை உடனடியாக மாற்றுவது வேகத்தை. இடம் மாறுவது அந்த வேகத்தின் விளைவு. பின்னடைவின் வேர் இதுதான்.

முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. முறம் கீழே போய்த் திரும்பி மேலேறும் அந்தக் கணத்தில்தான் அரிசிக்கு உந்துதல் அதிகம். ஆனால் அரிசி காற்றில் உச்சத்தில் நிற்கும்போது முறம் அதற்குள் கீழே இறங்கத் தொடங்கிவிட்டிருக்கும். தள்ளிய கையும் தள்ளப்பட்ட அரிசியும் ஒரே தாளத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை.

உடல் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதையும் கணக்கிடலாம். மேலெழுப்பில் தூக்குவிசை ஏறக்குறைய சுழி என்று வைத்துக்கொண்டால், சராசரியில் எடையைத் தாங்க, கீழடிப்பில் எடையைப் போல இருமடங்கு விசை வேண்டும். புறா விநாடிக்குச் சுமார் 7 முறை அடிக்கிறது. அந்தத் தாளத்தில் காற்றின் விசையால் மட்டும் உடல் மேலும் கீழுமாக மொத்தம் ஒரு சென்டிமீட்டர் அளவு ஆடும். விநாடிக்குச் சுமார் இரண்டரை முறை அடிக்கும் நாரைக்கு இதே கணக்கு ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் தருகிறது. அடிப்பின் வேகம் பாதியானால் ஆட்டம் நான்கு மடங்காகிறது. விழுவதற்குக் கிடைக்கும் நேரம் இருமடங்கானால் விழும் தூரம் நான்கு மடங்காவதுதான் காரணம். நாரையின் ஏற்ற இறக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதும் புறாவினுடையது தெரியாததும் இதனால்தான்.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. இறக்கைக்கும் எடை உண்டு. புறாவின் இரண்டு இறக்கைகளும் சேர்ந்து அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். அந்த எடை கீழே வீசப்படும்போது, காற்றே இல்லாவிட்டாலும் உடல் எதிர்த்திசையில் கொஞ்சம் மேலே போகும். இது நிலைமத்தின் வேலை. இதில் தாமதம் கிடையாது. இறக்கை உச்சியில் இருந்தால் உடல் தாழ்ந்திருக்கும், இறக்கை அடியில் இருந்தால் உடல் உயர்ந்திருக்கும். அப்படியானால் மக்களின் முதல் பதில் முழுத் தவறு அல்ல. அது உண்மையில் ஒரு பாதி. புறாவில் இந்த நிலைம ஆட்டமும் காற்றின் விசையால் வரும் ஆட்டமும் ஏறக்குறைய ஒத்த அளவு. ஒன்று தாமதமில்லாமலும் மற்றொன்று கால் அடிப்பளவு தாமதத்தோடும் வருவதால், இரண்டும் கலந்து, உடல் மிகத் தாழ்வது கீழடிப்பில் ஏறத்தாழ கால்வாசி கடந்த பிறகு. மிக உயர்வது மேலெழுப்பில் கால்வாசி கடந்த பிறகு. மொத்த ஆட்டம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்.

இதையெல்லாம் எப்படி அறிந்தார்கள்? பிரான்ஸ் நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன்-ஜூல் மாரே ஒளிப்படத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதில் இறங்கினார். பறவைக்கு ஒரு கச்சை கட்டி, அதில் காற்றடைத்த சிறு பேழைகளை வைத்து, ரப்பர் குழாய் வழியாக அந்த அழுத்த மாற்றத்தை ஓர் எழுதுமுனைக்குக் கடத்தி, சுழலும் உருளையில் கோடாகப் பதிவு செய்தார். இறக்கையின் அசைவுக்கு ஒரு கோடு, உடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கோடு. 1873இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தச் சோதனைகள் விரிவாக இருக்கின்றன. 1882இல் அவர் துப்பாக்கி வடிவத்தில் ஓர் ஒளிப்படக் கருவி செய்தார். விநாடிக்கு 12 படங்கள் அது எடுத்தது. புறாவின் 7 அடிப்புகளுக்கு 12 படங்கள் என்றால், ஓர் அடிப்புக்கு இரண்டு படம்கூட முழுதாகக் கிடைக்காது. அதனால்தான் ஒரே தட்டில் பறவையின் தொடர்ச்சியான நிலைகளை அடுத்தடுத்துப் பதிக்கும் முறைக்கு அவர் போனார்.

தூக்குவிசையை நேரடியாக அளப்பது இன்னும் கடினமாக இருந்தது. பறக்கும் பறவையின் அடியில் தராசு வைக்க முடியாதே. 2015இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லென்டிங்க் குழு அதற்கும் ஒரு வழி கண்டது. பறவை காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. தள்ளப்பட்ட காற்று எப்படியும் தரையில் போய் அழுத்தும். எனவே மூடிய பெட்டி ஒன்றின் தரையையும் கூரையையும் நுண்ணிய உணர்கருவிகள் தாங்கும் தட்டுகளாக அமைத்து, அதற்குள் சிறு கிளிகளை ஒரு கொம்பிலிருந்து இன்னொரு கொம்புக்குப் பறக்கவிட்டார்கள். கீழடிப்பில் எடையைப் போல இருமடங்கு அளவு விசை, மேலெழுப்பில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று அளவீடு சொன்னது. நாம் மேலே வைத்துக்கொண்ட அனுமானம் அந்தக் கிளிகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

இனி திருப்பத்துக்கு வருவோம். கப்பலுக்கும் விமானத்துக்கும் பின்னால் செங்குத்தாக ஒரு சுக்கான் பலகை உண்டு. பறவைக்கு அப்படி எதுவும் இல்லை. வால் இருக்கிறது, ஆனால் அது கிடைமட்டமாக விரியும் விசிறி. மூக்கை மட்டும் இடப்பக்கம் திருப்பினால் புறா இடப்பக்கம் போய்விடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகும். பாதை வளைய வேண்டுமானால் வளைவின் உட்பக்கம் நோக்கி ஒரு விசை வேண்டும். பறவையிடம் இருக்கும் ஒரே பெரிய விசை இறக்கையின் தூக்குவிசை. அது முதுகின் திசையில் செல்கிறது. எனவே முதுகைச் சாய்த்தால் விசையும் சாயும். இடப்பக்கம் சாய்ந்தால் தூக்குவிசையின் ஒரு பகுதி இடப்பக்கம் இழுக்கும், மறுபகுதி எடையைத் தாங்கும்.

இதற்கு விலை உண்டு. 45 பாகை சாய்ந்தால், உயரம் குறையாமல் இருக்க மொத்தத் தூக்குவிசை எடையைப் போல 1.4 மடங்காக வேண்டும். 60 பாகை சாய்ந்தால் சரியாக இருமடங்கு. கூடுதல் விசையைத் தராமல் சாய மட்டும் செய்தால் பறவை திரும்பிக்கொண்டே கீழே இறங்கிவிடும்.

உருட்டுவது யார்? சாய்வைத் தொடங்கவும் இறக்கைதான். புறாவின் மெதுவான திருப்பங்களை ஆராய்ந்த டக்ளஸ் வாரிக்கும் கென்னத் டயலும் 1998இல் ஒன்றைக் காட்டினார்கள். கீழடிப்பின் முற்பகுதியில் வெளிப்பக்க இறக்கையைப் புறா சற்று வேகமாக வீசுகிறது. அந்தப் பக்கம் விசை கூடி உடல் உட்பக்கம் உருள்கிறது. உருளத் தொடங்கிய உடல் தானாக நிற்காது. ஆகவே அதே கீழடிப்பின் பிற்பகுதியில் வேறுபாட்டை எதிர்ப்பக்கம் மாற்றி அந்த உருளலை அடக்குகிறது. உருட்டலும் நிறுத்தலும் ஒரே அடிப்புக்குள் முடிகின்றன. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. ஏழில் ஒரு விநாடிக்குள் அடங்கிய அடிப்பின் ஒரு பாதிக்குள் இரண்டு எதிரெதிர் கட்டளைகள் தோளுக்குப் போகின்றன.

சாய்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை 2011இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐவோ ராஸ், ஆண்ட்ரூ பீவெனர் உள்ளிட்ட குழு அளந்தது. செங்கோணமாக, அதாவது 90 பாகை, திரும்பும் ஒரு வலைக்கூட்டுப் பாதையில் புறாக்களைப் பறக்கவிட்டு, உடலிலும் இறக்கையிலும் குறிகள் இட்டு, பல கேமராக்களால் முப்பரிமாணத்தில் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு பகுதியின் எடையும் முடுக்கமும் தெரிந்தால், காற்று தந்த விசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். அவர்கள் கண்டது: கீழடிப்பின் சராசரி விசை, திருப்பம் முழுவதும், உடலைப் பொறுத்து ஒரே திசையில் இருந்தது. புறா விசையைத் தனியாகத் திருப்புவதில்லை. உடலையே திருப்பி விசையைத் திருப்புகிறது. ஹெலிகாப்டர் செய்வதும் இதையே என்பதால் அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ஹெலிகாப்டர் இடம்பெற்றது.

இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. மெதுவாகப் பறக்கும்போது புறா மேலெழுப்பில் இறக்கை நுனியைப் பின்பக்கமாகப் புரட்டி வீசுகிறது. அந்த வீச்சு கீழடிப்பின் விசையில் ஏறத்தாழ பாதியைத் தந்தது. அப்படியென்றால் நாம் போட்ட ஒரு சென்டிமீட்டர்க் கணக்கு அந்த நிலைக்குப் பொருந்தாது. கீழடிப்பில் எடையைப் போல ஒன்றேமூன்றில் ஒரு மடங்கும், மேலெழுப்பில் மூன்றில் இரண்டு பங்கும் கிடைத்தால், காற்றினால் வரும் ஆட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மேலெழுப்பு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுக்குப் பயணம் மென்மையாகிறது. கிளிகளின் அளவீட்டை எல்லாப் பறவைக்கும் எல்லா வேகத்துக்கும் விரிக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஒரு திருப்பத்தை எண்களோடு நடத்திப் பார்க்கலாம். புறா விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மெதுவாக வருகிறது, விநாடிக்கு 8 முறை அடிக்கிறது, 45 பாகை சாய்ந்து 90 பாகை திரும்ப வேண்டும் என்று கொள்வோம். சாய்வு முழுதாக வந்துவிட்ட நிலையில் பாதை விநாடிக்கு 140 பாகை வீதம் வளையும். மொத்தத் திருப்பத்துக்கு மூன்றில் இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் போதும். அதாவது ஐந்து அடிப்புகள். வளைவின் ஆரம் சுமார் 1.6 மீட்டர், ஒரு சிறிய அறைக்குள் அடங்கிவிடும்.

இங்கேயும் பின்னடைவு உண்டு. முழுதாகச் சாய்ந்த பிறகான முதல் அடிப்பில் புறா பக்கவாட்டில் நகர்வது எட்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. பார்ப்பவருக்கு அது சாய்ந்துவிட்டது தெரிகிறது, ஆனால் இன்னும் நேரே போவதாகவே தோன்றுகிறது. இரண்டாவது அடிப்பு முடியும்போது நகர்ந்த தூரம் முப்பது சென்டிமீட்டர் ஆகிவிடும். சாய்வு முதலில், திசை மாற்றம் அடுத்து, இட மாற்றம் கடைசியில். ராஸ் குழு கண்ட வரிசையும் இதற்கு இசைகிறது: திருப்பத்தின் முற்பகுதியில் உடலின் நிலை மாறி விசையைத் திருப்புகிறது; பிற்பகுதியில், பாதையைப் பெரிதாக மாற்றாமல், உடல் தன் பழைய நேர்நிலைக்கு மீள்கிறது. தடையின் அருகே வந்து சாயத் தொடங்கும் பறவை தாமதித்துவிட்டது என்று பொருள். திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே சாய்ந்தாக வேண்டும்.

ஏற்ற இறக்கம் திருப்பத்தில் காணாமல் போவதில்லை. அதுவும் சேர்ந்து சாய்கிறது. உடல் ஆடுவது முதுகின் திசையில் என்பதால், சாய்ந்த பறவையின் ஆட்டம் மேல்-கீழாக மட்டும் இல்லாமல் வளைவின் உள்-வெளியாகவும் நடக்கிறது. கீழடிப்பில் பாதை கூடுதலாக வளைகிறது, மேலெழுப்பில் குறைவாக வளைகிறது. நுணுக்கமாகப் பார்த்தால் பறவையின் வளைவு முழு வட்டத்தின் துண்டு அல்ல. சிறு சிறு கோணங்கள் தொடுத்த பாதை. ஐந்து அடிப்பில் 90 பாகை என்றால் அடிப்புக்குச் சராசரி 18 பாகை.

வேகமாகப் பறக்கும்போது நிலைமை மாறும். விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் வரும் புறா அதே 45 பாகை சாய்ந்தால், 90 பாகை திரும்ப ஏறத்தாழ மூன்று விநாடியாகும், ஆரம் 33 மீட்டர். ஆரத்தைச் சுருக்க வேண்டுமானால் இன்னும் சாய வேண்டும். ஜேம்ஸ் அஷர்வுட் குழு புறாக்களின் முதுகில் ஜிபிஎஸ் கருவியும் அசைவுணரிகளும் பொருத்திக் கூட்டமாகப் பறக்கவிட்டு 2011இல் வெளியிட்ட முடிவில், திருப்பங்களில் முதுகுத் திசை முடுக்கம் புவியீர்ப்பைப் போல இருமடங்கு வரை சென்றது தெரிந்தது. அதாவது அந்தக் கணத்தில் புறாவின் எடை இரட்டிப்பானது போல. நம் கணக்கில் 60 பாகைச் சாய்வு. காற்றைக் கீழே தள்ளித் தன்னைத் தாங்கிக்கொள்வதற்கான ஆற்றல் அப்போது நான்கு மடங்காகிறது. பாரம் கூடும்போது புறா அடிப்பின் வேகத்தையும் கூட்டுகிறது.

தலையை மட்டும் புறா இந்த ஆட்டத்துக்கு விட்டுக்கொடுப்பதில்லை. உடல் ஏறி இறங்கும்போது கழுத்து நீண்டும் சுருங்கியும் தலையை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. உடல் சாயும்போதும் கண்கள் அடிவானத்தோடு இணையாகவே நிற்கின்றன. திரும்ப வேண்டிய திசைக்குத் தலை சட்டென்று முந்தித் திரும்பி, மீண்டும் அசையாமல் நிற்கிறது. ஆடும் கண்ணால் தடையின் தூரத்தைக் கணிக்க முடியாது. லூசி டெய்லர் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதோடு தொடர்புள்ளது: ஜோடியாகப் பறக்கும் புறாக்கள் தனியாகப் பறப்பவற்றைவிட விநாடிக்கு ஏறத்தாழ ஓர் அடிப்பு கூடுதலாக அடித்தன. அடிப்பு வேகமானால் உடலின் ஆட்டம் சிறுக்கும் என்று மேலே பார்த்தோம். ஆட்டம் சிறுத்தால் தலையை நிலையாக வைத்து அருகில் பறப்பதைக் கவனிப்பது எளிது. அதற்காகக் கூடுதல் உழைப்பைப் புறா செலவிடுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இப்போது பல கைபேசிகளில் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி உண்டு. புறாவின் ஓர் அடிப்புக்கு முப்பதுக்கு மேல் படங்கள் கிடைக்கும். மாரேயிடம் இல்லாத வசதி அது. கைபேசியைச் சுவரிலோ தாங்கியிலோ அசையாமல் வையுங்கள். புறாவைத் தொடர்ந்து திருப்பினால் உங்கள் கையின் ஆட்டம்தான் பதிவாகும். புறா உங்களுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் கடக்க வேண்டும். விலகிப் போகும் புறா தொலைவினால் மட்டுமே தாழ்வது போலத் தெரியும். படங்களில் தலையைக் குறித்து வைத்து அளக்காதீர்கள்; தலை அசையாததால் உடலும் ஆடவில்லை என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். நெஞ்சின் அடிப்பகுதியையோ வால் தொடங்கும் இடத்தையோ ஒவ்வொரு படத்திலும் குறியுங்கள், அதே படத்தில் இறக்கை நுனியையும் குறியுங்கள். இரண்டு குறிகளையும் இரண்டு வளைகோடுகளாக வரைந்து, இறக்கை நுனி உச்சியில் இருக்கும் படத்துக்கும் உடல் மிகத் தாழ்ந்திருக்கும் படத்துக்கும் இடையில் எத்தனை படங்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் புறாவின் உடல் அதன் இறக்கைக்கு எவ்வளவு பின்னால் வருகிறது என்பதற்கான நேரடி அளவு அது. ஒரு படத்துக்கு நான்கு மில்லிவிநாடிக்குச் சற்று மேல்.